‘கொடுத்தாச்சு’ என்றால் யார், யாருக்கு, எதை?

2025 பிப்ரவரி மாதக் கடைசியில், சேலம் அஸ்தம்பட்டியில் நான் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்கு ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிற, மலையில் எங்கும் காணக்கூடிய சிறு தோட்டம் அவருடையது. சேலத்து வியாபாரி ஒருவரின் சார்பில் வந்த வக்கீல் நோட்டீஸை அவர் கையில் வைத்திருந்தார். பழைய விலைக் கணக்கின்படி 120 கிலோ பச்சை மிளகுக்கு நாற்பதாயிரம் ரூபாய் முன்கூட்டியே கொடுத்துவிட்டதாகவும், மிளகு காய்ந்த பிறகு பார்த்தால் அந்தத் தொகைக்குத் தேறவில்லை என்பதால் மிகையாகக் கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அந்த நோட்டீஸ் சொன்னது. மிளகு கொடுத்தது உண்மைதான், ஆனால் முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, பாக்கி தனக்குத்தான் வர வேண்டும் என்பது பெரியவரின் பேச்சு.

நோட்டீஸோடு ஆதாரமாக ஒரே ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. வாட்ஸப் உரையாடல் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டை ஏ4 தாளில் கருப்பு வெள்ளையில் நகலெடுத்திருந்தார்கள். மேலே பெயர் இருக்க வேண்டிய பட்டை இல்லை. கைபேசியின் மணியும் பேட்டரியும் தெரிகிற வரி இல்லை. கீழே தட்டச்சு செய்யும் கட்டமும் இல்லை. நடுவில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. எங்கள் சீனியர் எந்த ஆவணத்தையும் தாம் படிப்பதற்கு முன் என்னிடம் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று ஐந்தாறு வரியில் எழுதி வாங்குவது வழக்கம். அன்றும் அப்படியே கொடுத்தார்.

அந்தத் துண்டில் இருந்தவற்றை இங்கே அப்படியே தருகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டப்பட்டிருந்த தமிழை நான் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

வலப்பக்கம், 5.47: அதே கணக்குதான்னு சொல்லியாச்சு
வலப்பக்கம், 5.48: 120 வந்திருக்கு
இடப்பக்கம், 5.55: சரிங்க
வலப்பக்கம், 6.10: 40 கொடுத்தாச்சு. மீதி காஞ்சதும் பாத்துக்கலாம்
இடப்பக்கம், 6.14: அய்யாகிட்ட சொல்லிடறேன். நம்ம கணக்குல வச்சுக்கங்க
வலப்பக்கம், நேரம் தெரியவில்லை: நாளைக்கு வண்டி அனுப்ப

கடைசிச் செய்தி ‘அனுப்ப’ என்ற இடத்திலேயே தாளின் ஓரத்தில் அறுந்திருந்தது. ஐந்தாவது செய்தியின் தலையில், எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்று காட்டுகிற சிறு பெட்டி இருந்தது. அதில் ஒரு மைக் படமும் 0:23 என்ற எண்ணும் மட்டுமே நகலில் தெளிவாகத் தெரிந்தன.

நான் முதலில் எழுதியது இது: “வியாபாரி, பழைய கணக்கின்படி 120 கிலோ மிளகு வந்துசேர்ந்ததாகத் தெரிவிக்கிறார். தோட்டத்தார் அதை ஒப்புக்கொள்கிறார். வியாபாரி நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டதாகவும், மீதியை மிளகு காய்ந்த பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறார். தோட்டத்தார் ஒப்பந்தக் கணக்கின்படி வைத்துக்கொள்ளுமாறு சொல்கிறார்.” பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். வாக்கியங்கள் சீராக அமைந்ததில் எனக்குச் சற்றுத் திருப்தியும் இருந்தது.

சீனியர் என் தாளையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை எடுத்தார். “இதுல மிளகு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். நான் நகலைப் பார்த்தேன். மிளகு இல்லை. “ரூபாய்?” ரூபாயும் இல்லை. “கிலோ?” இல்லை. “வியாபாரி?” வலப்பக்கம் இருப்பவர் என்றேன். “வலப்பக்கம்னுதான் இருக்கு, வியாபாரின்னு எங்க இருக்கு?” என்றார். என் நான்கு வரிகளில் அவர் பென்சில் கோடு போடாத சொற்களை எண்ணுவது சுலபமாக இருந்தது.

தவறு எங்கே தொடங்கியது என்று யோசித்தபோது, முதலில் நோட்டீஸைப் படித்துவிட்டுப் பிறகு படத்தைப் பார்த்ததுதான் காரணம் என்று புரிந்தது. நோட்டீஸ் சொன்ன கதையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததால், படத்தில் இருந்த வெற்றிடங்கள் எனக்கு வெற்றிடங்களாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து இப்படிப்பட்ட படம் எது வந்தாலும், அதோடு வந்த கடிதத்தையோ விளக்கத்தையோ தனியே எடுத்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் முதலில் படித்து எழுதிவிடுகிறேன். வாட்ஸப்பிலேயே ஒருவர் படத்தை அனுப்பிவிட்டு அடியில் ‘பாருங்க, பணம் வாங்கினதை ஒத்துக்கிட்டான்’ என்று ஒரு வரி போட்டிருந்தால், அந்த வரியும் எனக்கு நோட்டீஸ்தான்.

ஆனால் நோட்டீஸை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இரண்டாவது காரணம் எங்கள் மொழிநடையிலேயே இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேச்சுத் தமிழில் எழுவாய் இல்லாமல் மணிக்கணக்கில் பேச முடியும். பெரும்பாலும் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும்: ‘கொடுத்தேன்’ என்றால் நான், ‘கொடுத்தார்’ என்றால் அவர். ‘கொடுத்தாச்சு’ அப்படிப்பட்டது அன்று. கொடுக்கும் வேலை முடிந்துவிட்டது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. நான் கொடுத்திருந்தாலும் ‘கொடுத்தாச்சு’தான், என் அண்ணன் கொடுத்திருந்தாலும் ‘கொடுத்தாச்சு’தான், கடைப் பையன் கொண்டுபோய்ப் போட்டிருந்தாலும் அதேதான். நேரில் பேசும்போது யார், எதை என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருப்பதால் இதனால் யாருக்கும் நட்டமில்லை. முந்தைய செய்திகளை வெட்டி எடுத்துவிட்டால், அந்த முன்னறிவு முழுவதும் வெட்டிய பகுதியோடு போய்விடுகிறது. எங்கள் ஆறு செய்திகளில் இரண்டு வினைகள், ‘சொல்லியாச்சு’வும் ‘கொடுத்தாச்சு’வும், இந்த ஆளில்லா வடிவத்தில் இருந்தன. வழக்குக்கு உயிரான இரண்டும் அவையேதான்.

இதைச் சுருக்கி எழுத உட்காரும்போது நாம் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாறுகிறோம். எழுத்துத் தமிழ், குறிப்பாக அலுவலகத் தமிழ், எழுவாயும் செயப்படுபொருளும் உள்ள முழு வாக்கியத்தைக் கேட்கிறது. ‘40 கொடுத்தாச்சு’ என்பதை அப்படியே எழுதினால் குறைபட்ட வாக்கியம்போல் கை கூசுகிறது. எனவே கை தானாகவே ‘வியாபாரி’ என்று தொடங்கி, ‘ரூபாய்’ என்று நிரப்பி, ‘கொடுத்துவிட்டார்’ என்று முடித்துவிடுகிறது. நடையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, படத்தில் இல்லாத மூன்று செய்திகளை நான் சேர்த்திருக்கிறேன். நோட்டீஸ் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்ததால் அங்கே இந்த நெருக்கடி இன்னும் அதிகம். ‘நாங்கள் செலுத்தியுள்ளோம்’ என்று பொருள்படும் வாக்கியமாக அது போய் நின்றிருந்தது. எழுதியவர் பொய் சொல்ல நினைத்தாரா, மொழி இழுத்த வழியில் போனாரா என்று எனக்குத் தெரியாது.

இதற்கு மாற்றும் தமிழிலேயே இருக்கிறது. ‘கொடுத்தாயிற்று’ என்பது எழுத்து வழக்கிலும் ஏற்ற வடிவம். அதிலும் ஆள் கிடையாது. சற்றுப் பழைய நடைபோலத் தோன்றினாலும், இந்த இடத்தில் அதைவிட நேர்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘கொடுக்கப்பட்டது’ என்பதும் உதவும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூலச் சொல்லையே மேற்கோளுக்குள் போட்டுவிட்டு, யார், யாருக்கு, எதை என்பது படத்தில் இல்லை என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

‘நம்ம கணக்குல வச்சுக்கங்க’ என்பதிலும் இதே வகைச் சிக்கல் இருந்தது. இலக்கணப்படி ‘நம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்தது, ‘எங்கள்’ என்றால் கேட்பவர் நீங்கலாக. இலக்கணத்தை நம்பி, இருவருக்கும் பொதுவான ஒப்பந்தக் கணக்கு என்று நான் எழுதிவிட்டேன். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘நம்ம வீடு’ என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய வீடுதான், எனக்கு அதில் பங்கில்லை. ‘நம்ம கணக்கு’ என்பது கடையில் தோட்டத்தின் பெயரில் இருக்கிற பற்றுக் கணக்காகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே ஒரு வழக்கின் தூரம் இருக்கிறது.

‘சரிங்க’ என்பதை ‘ஒப்புக்கொள்கிறார்’ என்று எழுதியதற்குச் சீனியர் இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்கு விளக்கமே தேவையில்லை. தகவல் கிடைத்தது என்பதற்கும் ‘சரிங்க’தான், போனை வைக்கலாம் என்பதற்கும் ‘சரிங்க’தான்.

எண்களுக்கு வருவோம். 120, 40 என்ற இரண்டு எண்களும் என்னை ஏமாற்றியதற்கு ஒரு வலுவான காரணம் இருந்தது. பச்சை மிளகைப் பறித்து, உதிர்த்து, களத்தில் காயவைத்தால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 120 கிலோ பச்சை காய்ந்தால் 40 கிலோ. முதல் சுருக்கத்தைச் சீனியர் திருப்பிக் கொடுத்த பிறகு, இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டு, 40 என்பது ரூபாய் அன்று, காய்ந்த மிளகின் எடைதான் என்று கண்டுபிடித்துவிட்டதாக நான் மகிழ்ந்தேன். நோட்டீஸை இதை வைத்தே உடைத்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலை கிலோ 600 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 40 கிலோ காய்ந்த மிளகு 24,000 ரூபாய்தான். 24,000 ரூபாய்ச் சரக்குக்கு எந்த வியாபாரி 40,000 கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் ‘மீதி பாத்துக்கலாம்’ என்பார்? ஆகவே 40 ரூபாயாக இருக்க முடியாது.

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 120 என்பது பச்சை மிளகின் எடை என்று நான் எடுத்துக்கொண்டதன் மேல்தான் அது முழுவதும் நின்றது. அந்த எடுகோளும் நோட்டீஸிலிருந்து வந்ததே. மேலும், ‘மீதி காஞ்சதும்’ என்று இன்னும் காயாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறவர் காய்ந்த 40 கிலோவை எப்படிக் கொடுத்திருப்பார் என்று சீனியர் கேட்டபோது என் கண்டுபிடிப்பு அங்கேயே படுத்துவிட்டது. “ஊகத்தைத் தனித்தாளில் எழுதுங்கம்மா, எனக்கு அதுவும் வேணும். ஆனா சுருக்கத்துக்குள்ள கலக்காதீங்க” என்றார். அப்போதிலிருந்து இரண்டு தாள்கள் வைத்துக்கொள்கிறேன்: படம் என்ன சொல்கிறது என்பதற்கு ஒன்று, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஒன்று.

படம் சொல்லாதவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அது சொன்னவையும் உண்டு, அவற்றில் சில எழுத்தில் இல்லாமல் அமைப்பில் இருந்தன. வாட்ஸப்பில் வலப்பக்கம் வருபவை அந்தக் கைபேசியிலிருந்து அனுப்பப்பட்டவை, இடப்பக்கம் வருபவை அதற்கு வந்தவை. நிறம் தெரியாத நகலிலும் இந்த இடம் வலம் மாறுவதில்லை. வலப்பக்கச் செய்திகளில் மட்டும் வரும் இரட்டைச் சரிக்குறியும் அதை உறுதி செய்கிறது. அது கைபேசியைத்தான் காட்டுகிறது, கையை அல்ல. கடைக் கைபேசியில் முதலாளியும் தட்டலாம், கணக்குப்பிள்ளையும் தட்டலாம். படத்தை நம்மிடம் கொண்டுவந்தவர்தான் வலப்பக்கத்தவர் என்று எடுத்துக்கொள்வதும் கூடாது. இத்தகைய படங்கள் பல கை மாறித்தான் வருகின்றன.

குழுவில் நடந்த உரையாடலா, இருவருக்கிடையிலானதா என்பதையும் ஓரளவுக்குச் சொல்ல முடிந்தது. குழுவாக இருந்தால் இடப்பக்கத்தவரின் ஒவ்வொரு தொடர்ச்சியின் முதல் செய்தியிலும் குமிழுக்குள்ளேயே அனுப்பியவர் பெயரோ எண்ணோ வரும். இருவர் உரையாடலில் பெயர் உச்சிப் பட்டையில் மட்டுமே இருக்கும். எங்கள் நகலில் 5.55, 6.14 ஆகிய இரண்டு செய்திகளும் வலப்பக்கச் செய்திக்கு அடுத்து வந்தவை. இரண்டிலும் உள்ளே பெயர் இல்லை. யாரும் அழித்துப் பூசவில்லை என்றால், இது இருவர் உரையாடல். அந்த ‘என்றால்’ எழுதப்பட வேண்டிய சொல்.

தேதியும் அப்படித்தான். நாள் மாறும் இடத்தில் வாட்ஸப் நடுவில் ஒரு தேதிப் பட்டையைப் போடும். எங்கள் துண்டுக்குள் அப்படி எதுவும் இல்லை என்பதால், ஆறு செய்திகளும் ஒரே நாளைச் சேர்ந்தவை என்று சொல்லலாம். எந்த நாள் என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, எதிர்த் தரப்பு மின்னஞ்சலில் அனுப்பிய படக் கோப்பின் பெயர் `IMG-20250219-WA0011.jpg` என்று இருப்பதைக் காட்டி, பிப்ரவரி 19 என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். வாட்ஸப் வழியாக வந்த படத்தை ஆண்ட்ராய்டு கைபேசி சேமிக்கும்போது வைக்கிற பெயர் அது. அந்தத் தேதி படம் வாட்ஸப்பில் கை மாறிய நாளைக் காட்டுமே தவிர, உரையாடல் நடந்த நாளையோ திரையைப் படம் எடுத்த நாளையோ காட்டாது. ஆனால் அந்தப் பெயரால் ஒரு பயன் இருந்தது: எதிர்த் தரப்பு கொடுத்ததும் மூலக் கைபேசியில் எடுத்த கோப்பு அன்று, வாட்ஸப்பில் ஒரு முறையாவது பயணம் செய்து வந்ததுதான் என்பதை அது காட்டிக்கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது என்பதால் சீனியர் அந்தக் குறிப்பை வட்டமிட்டு வைத்துக்கொண்டார். அந்தக் கதைக்குள் நான் இங்கே போகவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது ஐந்தாவது செய்தியின் தலையில் இருந்த சிறு பெட்டி. 0:23 என்பது 23 வினாடிக் குரல் பதிவு. அப்படியொரு குரல் பதிவு துண்டுக்குள் எங்கும் இல்லை. ஆகவே துண்டுக்கு மேலே, வெட்டப்பட்ட பகுதியில், குறைந்தது ஒரு செய்தியாவது இருந்திருக்கிறது. இடப்பக்கத்தவரின் ‘சொல்லிடறேன்’ அதற்கான பதில். வெட்டிய பகுதி இல்லாமல் அந்தப் பதிலுக்கு அர்த்தம் இல்லை. மேற்பகுதியில் ஒன்றுமில்லை என்று எதிர்த் தரப்பு நாளை சொன்னாலும் அவர்களுடைய தாளே அதை மறுக்கும். முதல் செய்தியின் குமிழுக்கு மேல் விளிம்பு தெரியவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ‘அதே கணக்குதான்னு சொல்லியாச்சு’ என்பது ஒரு நீளமான செய்தியின் கடைசி வரியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது முறை எழுதிக் கொடுத்தது இது:

“படத்தில் ஆறு செய்திகள் உள்ளன. முதல் செய்தியின் மேல் விளிம்பும் ஆறாவதன் இறுதியும் வெட்டப்பட்டுள்ளன. அனுப்பியவர் பெயர்களும் தேதியும் தெரியவில்லை. தெரியும் நேரம் 5.47 முதல் 6.14 வரை. குமிழ்களுக்குள் பெயர் இல்லாததால் இருவர் உரையாடலாகத் தோன்றுகிறது. வலப்பக்கத்தவர், ‘அதே கணக்கு’ என்று சொல்லியாயிற்று எனவும் ‘120’ வந்திருக்கிறது எனவும் எழுதுகிறார். எந்தக் கணக்கு, எந்தப் பொருள், என்ன அளவு என்பன படத்தில் இல்லை. இடப்பக்கத்தவர் ‘சரிங்க’ என்கிறார். வலப்பக்கத்தவர், ‘40’ கொடுத்தாயிற்று எனவும் மீதியைக் காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் எனவும் எழுதுகிறார். யார், யாருக்கு, எதைக் கொடுத்தார் என்பதும், எது காய வேண்டும் என்பதும் படத்தில் இல்லை. இடப்பக்கத்தவர், படத்தில் இல்லாத 23 வினாடிக் குரல் பதிவொன்றுக்குப் பதிலாக, ‘அய்யா’விடம் சொல்வதாகவும் ‘நம்ம கணக்கில்’ வைத்துக்கொள்ளும்படியும் எழுதுகிறார். இறுதிச் செய்தி நாளை வண்டி அனுப்புவது பற்றியது. அனுப்புவதாகவா, அனுப்பவில்லை என்றா என்பது வெட்டுப்பட்டுள்ளது.”

முதலாவதைவிட இது மூன்று மடங்குக்கும் மேல் நீளம். ஆறு சின்னச் செய்திகளைச் சுருக்கியது அவற்றைவிட நீளமாக வந்திருக்கிறதே என்று தம்பி சிரித்தார். நியாயமான சிரிப்புதான். வெட்டப்பட்ட உரையாடலில் பேச்சு எவ்வளவோ அவ்வளவுக்கு இடைவெளியும் இருக்கிறது, அதையும் எழுத வேண்டியிருப்பதால் நீளம் கூடிவிடுகிறது.

இரண்டாவது தாளில் நான் எழுதிய முதல் கேள்வி இது: பெரியவரை ‘அய்யா’ என்று அழைப்பவர் யார்? இடப்பக்கத்தில் பேசியது தன் தம்பி மகனாகத்தான் இருக்கும் என்று பெரியவர் நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே நம்பிக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்றிவிடுவது அந்தப் பையன்தானாம். வீட்டில் அதன்பேரில் சண்டையும் நடந்து முடிந்திருந்தது. “உங்க தம்பி மகன் உங்களை என்னன்னு கூப்பிடுவாருங்க?” என்று கேட்டேன். “பெரியப்பான்னுதான்” என்றார். வெளியாளிடம் பேசும்போதும் அப்படியேதானா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “எங்க போனாலும் பெரியப்பாதான். அய்யான்னு சொல்றது நம்ம மேஸ்திரி” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இதையும் நான் சுருக்கத்தில் சேர்க்கவில்லை. அது கேள்வித்தாளில் இருக்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் நாள் மேஸ்திரி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பேருந்தில் வந்து சேர்ந்தார். கைபேசியின் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருந்தது. அவருடைய திரையில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தன. நாங்கள் வலப்பக்கம் என்று எழுதியிருந்தவை அவருக்கு இடப்பக்கம் வந்திருந்தன, பட்டையில் கடைக் கணக்குப்பிள்ளையின் பெயர் இருந்தது. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் 23 வினாடிக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், புதுச் சாக்கு வந்து இறங்கியிருப்பதாகவும், போன வருஷத்து விலைதான் போடுவோம் என்றும், தோட்டத்துக்கு எத்தனை வேண்டும் என்று அய்யாவிடம் கேட்டுச் சொல்லும்படியும் பேசியது.

சாக்கு. 120 புதுச் சாக்கு கடைக்கு வந்திருந்தது. அதில் 40 தோட்டத்துக்குக் கொடுத்தாயிற்று. காய வேண்டியது மிளகுகூட அன்று. களத்தில் கிடந்த காப்பிச் செர்ரி. அது காய்ந்து மூட்டை பிடிக்கும் சமயத்தில் மீதிச் சாக்கு. ‘நம்ம கணக்கு’ என்பது கடையில் தோட்டத்தின் பற்று. என் மூன்றிலொரு பங்குக் கணக்கையும், 600 ரூபாய் விலையையும், 24,000த்தையும் நினைத்துக்கொண்டு நான் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன். அறுந்துபோன கடைசிச் செய்தி முழுசாக இப்படி இருந்தது: ‘நாளைக்கு வண்டி அனுப்பல, நாளான்னைக்கு வரும்.’

முன்பணம் கொடுக்கப்பட்டதா இல்லையா என்ற தகராறு இதனால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு அவர்கள் வேறு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் முடிவாயிற்று. சீனியர் மேஸ்திரியின் கைபேசியிலிருந்து முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டு, அதற்குத் தனியாக ஒரு சுருக்கம் எழுதச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்தபோது, ‘40 சாக்கு கொடுத்தாயிற்று’ என்ற வரியை எட்டிப் பார்த்த மேஸ்திரி, “நாப்பதுன்னு போட்டானுங்களே தவிர, பிரிச்சு எண்ணுனப்ப முப்பத்தேழுதாம்மா இருந்துச்சு. அதையும் எழுதிக்கங்க” என்றார். அதைக் கடைக்கு எழுதி அனுப்பினீர்களா என்று கேட்டேன். இல்லை, நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். முப்பத்தேழை இரண்டாவது தாளில் எழுதிக்கொண்டேன்.